சதுர அடி விலை குறைவு, மொத்தம் மட்டும் ஏன் கூடுதல்?

"எங்கள் பிளாட்டில் மொத்தம் ஆறு ஜன்னல். அலுமினிய ஃபிரேமும் கண்ணாடியும் போட இரண்டு பேரிடம் விலை கேட்டேன். சதுர அடிக்குக் குறைவாகச் சொன்னவருடைய மொத்தத் தொகைதான் கூடுதலாக வருகிறது. எப்படி? இதில் யாருக்குக் கொடுப்பது?"

இருவரும் ஒரே ஜன்னலைத்தான் அளந்திருப்பார்கள். ஆனால் தாளில் எழுதிய சதுர அடி ஒன்றாக இருக்காது. அதனால் விலையைக் குறைக்கச் சொல்லிப் பேசுவதற்கு முன்னால், ஒவ்வொரு ஜன்னலுக்கும் என்ன நீளம், என்ன உயரம், எத்தனை சதுர அடி போட்டிருக்கிறார்கள் என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். "மொத்தம் இவ்வளவு அடி" என்று ஒரே வரியில் தந்தால் ஏற்காதீர்கள். வித்தியாசம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பது அந்த ஆறு வரியில் தெரிந்துவிடும்.

உங்கள் அளவுகள் என்னிடம் இல்லை. நான் அளந்த ஒரு பிளாட்டின் அளவுகளை வைத்துச் சொல்கிறேன், அதிலும் ஆறு ஓபனிங்தான். ஹால் ஜன்னல் அகலம் 70 அங்குலம், உயரம் 50. படுக்கையறைகள் இரண்டிலும் 46க்கு 50. சமையலறையில் 37க்கு 38. குளியலறை வென்டிலேட்டர் இரண்டும் 22க்கு 19. அகலத்தையும் உயரத்தையும் அங்குலத்தில் பெருக்கி 144ஆல் வகுத்தால் சதுர அடி கிடைக்கும். ஹாலுக்கு 24.3, படுக்கையறை ஒன்றுக்கு 15.97, சமையலறைக்கு 9.76, வென்டிலேட்டர் ஒன்றுக்கு 2.9. ஆறும் சேர்த்து 71.8 சதுர அடி.

இதே பிளாட்டை இன்னொருவர் வேறு மாதிரி கணக்குப் போடுவார். ஒவ்வொரு அளவையும் மேலே இருக்கும் 6 அங்குல மடங்குக்கு ஏற்றிவிடுவார். 70 என்பது 72 ஆகும், 50 என்பது 54 ஆகும். அப்படிப் பார்த்தால் ஹால் 27 சதுர அடி, படுக்கையறை ஒவ்வொன்றும் 18. சமையலறையின் 37க்கு 38, 42க்கு 42 ஆகி 12.25க்குப் போய்விடும். வென்டிலேட்டர் 24க்கு 24 ஆகி 4 சதுர அடி. அதோடு, "5 சதுர அடிக்குக் கீழே இருந்தால் 5 சதுர அடியாகத்தான் போடுவோம்" என்று சின்ன ஜன்னலுக்கு ஒரு குறைந்தபட்ச அளவும் வைத்திருப்பார்கள். இப்போது மொத்தம் 85.25 சதுர அடி. சுவரில் இருக்கும் ஓட்டை அதேதான், தாளில் மட்டும் 13 சதுர அடிக்கு மேல் வளர்ந்துவிட்டது.

கணக்குக்காக முதல் ஆள் சதுர அடிக்கு 100 என்றும், இரண்டாவது ஆள் 90 என்றும் சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆளுக்கு 7,182 வரும். இரண்டாவது ஆளுக்கு 85.25ஐ 90ஆல் பெருக்கினால் 7,672. பத்து சதவீதம் குறைவாகச் சொன்னவரிடம் ஏறக்குறைய ஏழு சதவீதம் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். உங்களுக்கு நடந்ததும் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

மேல் மடங்குக்கு ஏற்றுவது ஏமாற்று வேலை இல்லை, இதைச் சொல்லிவிட வேண்டும். கண்ணாடித் தொழிலில் இது பழைய வழக்கம். பெரிய தகட்டிலிருந்து வெட்டும்போது ஓரத்தில் மிஞ்சும் துண்டு வேறு எதற்கும் உதவாது, அந்தச் சேதாரத்தை யாராவது ஏற்க வேண்டும். சிலர் 3 அங்குல மடங்கு வைப்பார்கள். அப்படி வைத்து, குறைந்தபட்ச அளவு எதுவும் இல்லாவிட்டால் நம் உதாரணம் 77 சதுர அடியில் நிற்கும். எந்த முறையானாலும் தப்பில்லை, ஆனால் எந்த முறை என்று முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். பில் வரும் நாளில் தெரிந்துகொள்வதுதான் சண்டையில் முடிகிறது. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். இருவருடைய மொத்தத் தொகையையும் உங்கள் கையால் அளந்த உண்மையான சதுர அடியால் வகுங்கள். 7,672ஐ 71.8ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 107 வருகிறது. அவருடைய உண்மையான விலை 90 இல்லை, 107.

அளவை எழுதும்போது நடக்கும் ஒரு தப்பையும் பாருங்கள். 3 அடி 8 அங்குலத்தை அவசரத்தில் 3.8 என்று எழுதி அப்படியே கால்குலேட்டரில் அடித்துவிடுவார்கள். 8 அங்குலம் என்பது அடியில் மூன்றில் இரண்டு பங்கு, ஆகவே அது 3.67. அதேபோல 5 அடி 10 அங்குலம் 5.10 என்று பதிவாகும், உண்மையில் அது 5.83. தப்பு சில நேரம் உங்களுக்குச் சாதகமாகவும் சில நேரம் பாதகமாகவும் விழும். எப்படி விழுந்தாலும் கடைசியில் தகராறுதான். அளவு முழுவதையும் அங்குலத்திலோ மில்லிமீட்டரிலோ மட்டும் எழுதச் சொல்லுங்கள். மில்லிமீட்டரில் எழுதினால் பெருக்கி வந்த தொகையை 92,903ஆல் வகுக்க வேண்டும்.

சரி, இரண்டு பேருடைய சதுர அடியும் ஒன்றாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் சதுர அடி விலை முழுக் கதையையும் சொல்லாது. கண்ணாடி பரப்பைப் பொறுத்தது, ஆனால் அலுமினியம் ஓரத்தைப் பொறுத்தது. ஜன்னல் சின்னதாக ஆக ஆக, ஒவ்வொரு சதுர அடிக்கும் போகும் அலுமினியம் கூடிக்கொண்டே போகும்.

இரண்டு கதவு கொண்ட ஸ்லைடிங் ஜன்னலை எடுத்துக்கொள்ளுங்கள். வெளி ஃபிரேம் நாலு பக்கமும் சுற்றி வர வேண்டும். அதற்குள் ஓடும் ஷட்டர் இரண்டுக்கும் தனித்தனியாக நாலு பக்கம் வேண்டும். எல்லாவற்றையும் கூட்டினால் தோராயமாக அகலம் நாலு தடவை, உயரம் ஆறு தடவை வரும். ஹால் ஜன்னலுக்கு இது 580 அங்குலம், அதாவது 48 அடி நீளம் அலுமினியம். 24.3 சதுர அடிக்கு 48 அடி என்றால் சதுர அடிக்கு 2 அடி. சமையலறை ஜன்னலுக்கு 376 அங்குலம், 31 அடி. அதன் பரப்பு வெறும் 9.76 சதுர அடி, ஆகவே சதுர அடிக்கு 3.2 அடி. ஒரே மாதிரி ஜன்னல்தான், ஆனால் சமையலறைக்கு ஒவ்வொரு சதுர அடியிலும் அறுபது சதவீதம் கூடுதல் அலுமினியம் போகிறது. பேரிங், லாக், மூலை ஸ்க்ரூ எல்லாம் சின்ன ஜன்னலுக்கும் பெரிய ஜன்னலுக்கும் ஒரே எண்ணிக்கைதான். வெட்டிச் சேர்க்கும் கூலியும் ஏறக்குறைய அதே.

அதனால் ஆறு ஜன்னலுக்கும் ஒரே சதுர அடி விலை சொல்பவர் பெரிய ஜன்னலில் வரும் லாபத்தை எடுத்துச் சின்ன ஜன்னலின் செலவை ஈடுகட்டுகிறார். இது உங்களுக்கு எப்போது முக்கியம் என்றால், பாதியில் திட்டம் மாறும்போது. "ஹால் ஜன்னலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், மற்றதை மட்டும் போடுங்கள்" என்று நீங்கள் சொன்னால் அவர் விலையை ஏற்றுவார், அதில் நியாயம் இருக்கிறது. அதேபோல வென்டிலேட்டர் இரண்டையும் நீங்கள் வேறு யாரிடமோ கொடுத்துவிட்டால் மிச்சத்துக்கு விலை குறைய வேண்டும் என்று தாராளமாகக் கேட்கலாம். ஜன்னல்வாரியாகத் தொகை எழுதி வாங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

கொசுவலை கேட்டால் மூன்றாவது டிராக் வரும், அதற்கென்று இன்னொரு ஷட்டரும் வரும். ஹால் ஜன்னலில் அந்த ஒரு ஷட்டருக்கு மட்டும் 14 அடி அலுமினியம் கூடுகிறது, வெளி ஃபிரேமும் அகலமான அலுமினியச் சட்டமாக, அதாவது அகலமான செக்‌ஷனாக மாறுகிறது. ஆகவே கூடுதல் விலை சரிதான். ஆனால் வலை மூடுவது பாதி ஓபனிங்கை மட்டும். வலைக்கான விலையை 24 சதுர அடிக்குப் போட்டிருக்கிறாரா, 12 சதுர அடிக்கா என்று கேட்டுவிடுங்கள்.

இனி நான் மிகவும் கவலைப்படும் விஷயம், செக்‌ஷனின் எடை. ஜன்னல் எத்தனை வருடம் அதிராமல், ஆடாமல் ஓடும் என்பதைத் தீர்மானிப்பது இதுதான். விலைப்பட்டியலில் இதைத்தான் யாரும் எழுதுவதில்லை. பார்வைக்கு ஒரே வடிவம், ஒரே நிறம், ஒரே அகலம். உள்ளே சுவரின் தடிமன் மட்டும் குறைந்திருக்கும். சிலர் "1.2 மில்லிமீட்டர்" என்று வாயால் சொல்வார்கள். அது எந்தப் பக்கத்தின் தடிமன் என்பது யாருக்குத் தெரியும்? கண்ணுக்குத் தெரியும் முகத்தில் 1.2 வைத்துவிட்டு, டிராக்கின் உள்சுவரில் குறைவாக வைத்திருக்கலாம்.

தடிமனை வெர்னியர் அளவுகோலால் அளந்தாலும் பவுடர் கோட்டிங் ஏமாற்றும். நல்ல கோட்டிங் ஒரு முகத்தில் 60 முதல் 80 மைக்ரான் இருக்கும். திறந்த டிராக் செக்‌ஷனில் இரண்டு முகத்திலும் பூச்சு ஏறியிருக்கும், சேர்ந்தால் 0.12 முதல் 0.16 மில்லிமீட்டர் வரை. அதாவது 1 மில்லிமீட்டர் அலுமினியம் வெர்னியரில் 1.15 என்று காட்டும். அதை 1.2 என்று நம்பி வாங்கியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எடை அப்படி ஏமாற்றாது. இரண்டு பேரிடமும் வெளி டிராக், ஷட்டர், இரண்டு ஷட்டரும் நடுவில் கோத்துக்கொள்ளும் இன்டர்லாக் மூன்றிலும் ஒவ்வொரு துண்டு கேளுங்கள், சரியாக 30 சென்டிமீட்டர் நீளம் இருக்கட்டும். வீட்டுச் சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக வையுங்கள். ஒரு முறை இப்படி வைத்துப் பார்த்தபோது ஒரு டிராக் துண்டு 190 கிராம், அதே வடிவத்தில் இன்னொன்று 150 கிராம். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. கையில் எடுத்து இரண்டு கட்டைவிரலாலும் பக்கச் சுவரை உள்நோக்கி அழுத்தினால், இலேசான துண்டு கொஞ்சம் வளைந்து கொடுத்தது, மற்றது அசையவில்லை. முதல் துண்டு மீட்டருக்கு 633 கிராம், இரண்டாவது 500 கிராம். ஐந்தில் ஒரு பங்கு அலுமினியம் இல்லை.

நம் உதாரண பிளாட்டில் வென்டிலேட்டர் இரண்டுக்கும் ஷட்டர் இல்லாமல் வெளி ஃபிரேம் மட்டும் என்றால், ஆறு ஜன்னலுக்கும் சேர்த்துத் தோராயமாக 53 மீட்டர் செக்‌ஷன் போகும். மீட்டருக்கு 100 கிராம் குறைந்தாலே 5 கிலோவுக்கு மேல் அலுமினியம் குறைகிறது. அதை உங்கள் ஊரில் அலுமினிய செக்‌ஷன் விற்கும் கிலோ விலையால் பெருக்குங்கள். இரண்டு பேருடைய விலைக்கும் நடுவில் மிச்சம் இருக்கும் வித்தியாசத்தில் பெரும்பகுதி அதில் அடங்கிவிடும். அதற்குப் பிறகும் பெரிய வித்தியாசம் இருந்தால்தான் கூலியையும் கண்ணாடியையும் பற்றிப் பேச வேண்டும்.

மாதிரித் துண்டு கனமாக இருந்து, வேலைக்கு வந்த சரக்கு இலேசாக இருந்ததும் உண்டு. என் உறவினர் வீட்டில் அப்படித்தான் ஆனது. ஹால் ஜன்னலைப் பொருத்திய ஒரு மழைக்காலத்துக்குள், காற்றடித்தால் நடு இன்டர்லாக் வில் போல வளைந்து இரண்டு ஷட்டருக்கும் நடுவில் விரல் நுழையும் இடைவெளி வந்தது. மாதிரியைத் திருப்பிக் கொடுத்திருந்ததால் ஒப்பிட்டுக் காட்ட ஒன்றும் இல்லை. ஆகவே எடை போட்ட துண்டில் மார்க்கரால் எடையையும் தேதியையும் எழுதி, வேலை முடியும்வரை வீட்டிலேயே வைத்திருங்கள். விலைத்தாளில் "மீட்டருக்கு இத்தனை கிராம்" என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். சரக்கு இறங்கிய அன்று, வெட்டி மிஞ்சும் துண்டை எடுத்து அதே தராசில் வைத்துப் பாருங்கள். வெட்டிய மிச்சம் எல்லா வேலையிலும் கிடக்கும், கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

கண்ணாடிக்கும் எடைக்கணக்கு உண்டு, ஆனால் அது எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு 2.5 கிலோ. 5 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர அடிக்கு 1.16 கிலோ, 4 மில்லிமீட்டர் 0.93 கிலோ. ஹால் ஷட்டரில் உள்ளே போகும் கண்ணாடி ஏறக்குறைய 32க்கு 45 அங்குலம், 10 சதுர அடி. ஐந்தாக இருந்தால் 11.6 கிலோ, நாலாக இருந்தால் 9.3 கிலோ. இந்தப் பாரம் முழுவதையும் கீழே இரண்டு பேரிங் சுமக்கிறது. 5 மில்லிமீட்டர் கேட்டுவிட்டுப் பேரிங் பற்றிக் கேட்காமல் விட்டால் ஒரு வருடத்தில் ஷட்டர் உரசத் தொடங்கும்.

இந்த 10 சதுர அடியை இன்னொரு காரணத்துக்காகவும் நினைவில் வையுங்கள். இரண்டு ஷட்டருக்கும் சேர்த்துக் கண்ணாடி 20 சதுர அடி, ஓபனிங்கோ 24.3. ஃபிரேம், கண்ணாடி எல்லாம் சேர்த்து ஒரே விலை என்றால் ஓபனிங் அளவில் போடுவதுதான் முறை, அதில் கேள்வி இல்லை. ஆனால் ஃபிரேமுக்குத் தனி விலை, கண்ணாடிக்குத் தனி விலை என்று பிரித்துப் போட்டால், கண்ணாடியைக் கண்ணாடியின் அளவில்தான் போட வேண்டும். இரண்டையும் 24.3ஆல் பெருக்கியிருந்தால் இல்லாத 4 சதுர அடி கண்ணாடிக்கு நீங்கள் காசு கொடுக்கிறீர்கள்.

டஃபன்ட், அதாவது சூடேற்றி வலுவூட்டிய கண்ணாடி கேட்டிருந்தால் ஒன்றை மனதில் வையுங்கள். சூடேற்றிக் குளிர்வித்த பிறகு அதை வெட்ட முடியாது, ஓரத்தைத் தேய்க்கவும் முடியாது. 3 மில்லிமீட்டர் பெரிதாக வந்தால் அந்தக் கண்ணாடி வீண்தான். எனவே டஃபன்ட் என்றால், ஷட்டர் ஃபிரேம் செய்து முடித்த பிறகு அதன் உள்ளளவை எடுத்துத்தான் ஆர்டர் கொடுக்க வேண்டும். "எல்லாம் மூன்று நாளில் முடியும்" என்று சொல்பவர் அப்படிச் செய்யப்போவதில்லை. வந்த கண்ணாடி டஃபன்ட்தானா என்று பார்க்க மூலையில் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். போலராய்டு கூலிங் கிளாஸ் இருந்தால் அதை மாட்டிக்கொண்டு சாய்வாக வெளிச்சத்தில் பாருங்கள், டஃபன்ட் கண்ணாடியில் மங்கலான புள்ளிகளோ பட்டைகளோ தெரியும்.

கடைசியாக, யார் எப்போது அளந்தது என்று பாருங்கள். சுவர் பூச்சுக்கு முன்னால் செங்கல் ஓபனிங்கை அளந்திருந்தால் அந்த அளவில் விலை பேசாதீர்கள். பூச்சு ஒவ்வொரு பக்கமும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தின்றுவிடும். பூச்சு முடிந்த பிறகு அகலத்தை மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்திலும், உயரத்தை இடம், நடு, வலம் என்று மூன்று இடத்திலும் எடுங்கள். ஃபிரேம் அதில் சிறிய அளவுக்குத்தான் செய்யப்படும், பில்லும் அதற்குத்தான் வர வேண்டும். மூலையிலிருந்து மூலைக்கு இரண்டு பக்கமும் டேப் பிடியுங்கள். இரண்டும் 10 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசப்பட்டால் ஓபனிங் கோணலாக இருக்கிறது என்று பொருள். ஃபிரேம் நேராகத்தான் வரும், ஒரு மூலையில் ஆப்பு போல இடைவெளி விழும். அதைச் சிலிக்கானால் மட்டும் அடைத்தால் சீக்கிரம் பிரிந்து தண்ணீர் இறங்கும். முதலில் கொத்தனாரை அழைத்துச் சரிசெய்துவிடுங்கள், அது உங்கள் செலவு.

இப்போது உங்கள் இரண்டு பேருக்கு வருவோம். விலைத்தாளில் ஜன்னல்வாரி அளவு, எந்த மடங்குக்கு ஏற்றினார், செக்‌ஷன் எடை, கண்ணாடியின் தடிமனும் வகையும், வலை எத்தனை சதுர அடி, பொருத்தும் கூலியும் வரியும் உள்ளடங்கியதா என்பதை எழுதி வாங்குங்கள். மேல்மாடி என்றால் வெளியே சாரம் கட்டும் செலவு யாருடையது என்பதையும் சேருங்கள். இருவரின் மொத்தத்தையும் உங்கள் சதுர அடியால் வகுத்து ஒரே தாளில் எழுதுங்கள். எடை ஒன்றாக இருந்தால் குறைவானவருக்குக் கொடுங்கள். எடை ஐந்தில் ஒரு பங்கு குறைவாக இருந்து, விலை பத்து சதவீதம் மட்டும் குறைவு என்றால் நான் கனமானவருக்குத்தான் கொடுப்பேன். குறிப்பாக ஹால் ஜன்னலுக்கு, ஏனென்றால் காற்றை முழுவதும் வாங்குவது அந்த நடு இன்டர்லாக்தான். பணம் குறைவாக இருந்தால் வென்டிலேட்டருக்கு மட்டும் இலேசான செக்‌ஷன் போடச் சொல்லிப் பாருங்கள், அங்கே அதனால் ஒன்றும் ஆகாது.